‘டிவிக்கு சேஃப் பண்ணியாச்சு’ என்ற வார்த்தையை நம்பி 1,500 வெள்ளி கொடுத்தோம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழாவை 24 நிமிட நிகழ்ச்சியாக எடுத்தோம். என் அக்கா மகன்தான் கேமரா. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் தமிழ் நேரத்துக்கு அது போக வேண்டியது. எடிட்டிங் முடிந்ததும், வண்ணம் திருத்தி, வெள்ளையும் நிறமும் ஒளிபரப்பு வரம்புக்குள் இருக்கும்படி செய்து தர ஒரு கடையில் கொடுத்தோம். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். இதே மாதிரி வேலையைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது எடுத்துச் செய்கிறார்கள், அவர்களும் இதே இடத்தில் மாட்டிக்கொள்ளக்கூடாது.

முதல் முறை கோப்பை அனுப்பிய நான்காம் நாள் நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். தரச் சோதனை அறிக்கையில் இரண்டு குற்றங்கள். வெள்ளை அளவு மீறியிருக்கிறது, பல இடங்களில் சிவப்பு வரம்பைத் தாண்டியிருக்கிறது. கடைக்குப் போன் செய்தேன். “அண்ணே, எல்லாம் சேஃப் பண்ணியாச்சு, அவங்க மிஷின்லதான் கோளாறு” என்றார். ஆதாரமாக, படத்தின் அளவைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு வேவ்ஃபார்ம் படத்தையும் அனுப்பினார். அதில் கோடு முழுவதும் 100-க்குக் கீழே அடங்கியிருந்தது. அதைப் பார்த்து நானும் நம்பினேன். நிலையத்து ஆளிடம் வாதாடவும் செய்தேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க ப்ராஜக்ட் கோப்பை வாங்கித் திறந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் ப்ராஜக்டைத் தர மூன்று நாள் இழுத்தார். அதைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வண்ண வேலை என்று எதுவுமே இல்லை. ஒவ்வொரு காட்சித் துண்டின் மீதும், வரம்பைத் தாண்டுவதை வெட்டிவிடும் ஒரு வீடியோ லிமிட்டரை ஒட்டியிருந்தார், அவ்வளவுதான். அதற்கு மேலே இருந்த தடத்தில் பெயர்ப் பட்டைகளும் தலைப்பும். அதற்கும் மேலே, மொத்தப் படத்துக்கும் ஒரு ஷார்ப்பன். அதாவது, கதவைப் பூட்டிய பிறகு சாமான்களை வெளியே இறக்கி வைத்த மாதிரி. லிமிட்டர் தனக்குக் கீழே இருப்பதைத்தான் கட்டுப்படுத்தும். அதற்குப் பிறகு வரும் ஷார்ப்பன், எழுத்து விளிம்பில் வெள்ளைப் பக்கத்தை இன்னும் வெள்ளையாக்கும், கறுப்புப் பக்கத்தை இன்னும் கறுப்பாக்கும். அந்த விளிம்புகள்தான் 235-ஐத் தாண்டி எகிறியிருந்தன.

இந்த 235 என்ன என்று தெரியாதவர்களுக்காக: எட்டு பிட் தொலைக்காட்சிப் படத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. பத்து பிட்டில் 64, 940. கணினித் திரையில் நாம் பழகிய 0–255 வேறு கணக்கு. கேமராக்கள் பல, வெள்ளைக்கு மேலேயும் 255 வரை பதிவு செய்யும். நூறு விழுக்காடு என்பது 235 என்றால், 255 சுமார் 109 விழுக்காடு. மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்படித்த கோயில் மதிலும் எங்கே போய் நிற்கும்? நேராக அந்த 109-இல்தான்.

பழைய அனலாக் காலத்தில் இந்த மீறல் காதிலேயே கேட்கும். வெள்ளை அளவு மிஞ்சினால் படத்தையும் ஒலியையும் சுமந்து வரும் அலையே மெலிந்து, பளிச்சென்ற எழுத்து திரையில் வரும்போதெல்லாம் பெட்டியில் ‘கிர்ர்’ என்று ஒரு இரைச்சல் வரும். நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு 2019-இல் நின்றுவிட்டது, அந்த இரைச்சலும் போய்விட்டது. ஆனால் வரம்பு போகவில்லை. மீறி வருவதை வழியில் இருக்கும் ஏதோ ஒரு கருவி தன் இஷ்டத்துக்கு வெட்டிவிடும்.

சரி, இரண்டாம் முறை. திருத்திக் கொடுங்கள் என்று சண்டை போட்டு வாங்கினோம். இந்த முறை லிமிட்டரை மொத்தத்துக்கும் மேலே, கடைசியாக வைத்திருந்தார். வெள்ளை 235-இல் கறாராக நின்றது. ஆனால் படத்தைப் பார்த்த என் மாமா, கோயில் தலைவர், கேட்ட முதல் கேள்வி: “என்னப்பா, என் வேட்டி காகிதம் மாதிரி இருக்கு?” உண்மைதான். மடிப்பு இல்லை, கரைக்குப் பக்கத்து நிழல் இல்லை, ஒரே வெள்ளைத் தகடு.

எனக்கு அதிகம் வலித்தது இதுதான். அந்த மடிப்புகள் கேமராவில் பதிவாகியிருந்தன. 235-க்கும் 255-க்கும் நடுவே அத்தனை விவரமும் பத்திரமாக இருந்தது. லிமிட்டர் வெட்டினால் அதற்கு மேலே உள்ளது எல்லாம் ஒரே எண்ணாகிவிடும். முதலில் ஒளி மிகுந்த பகுதியை மட்டும் வளைகோட்டால் மெதுவாகக் கீழே இறக்கி, 255-இல் இருப்பதை 230 பக்கம் கொண்டுவந்திருக்க வேண்டும். 180-க்குக் கீழே கை வைக்கவே வேண்டாம், முகங்கள் அங்கேதான் இருக்கின்றன. பிறகு என் கணினியில் அப்படிச் செய்தபோது வேட்டி மடிப்பு திரும்ப வந்தது, மதிலில் இருந்த விரிசல் கூடத் தெரிந்தது. ஒரு காட்சிக்கு இரண்டு நிமிட வேலை. லிமிட்டர், அதன் பிறகும் தவறி வரும் ஓரிரு துளிகளைப் பிடிக்கத்தான். அதைக் கொண்டு வண்ணம் திருத்தினோம் என்று காசு வாங்கியது அநியாயம்.

அந்த இரண்டாம் கோப்பிலும் சிவப்புக் குற்றம் தொடர்ந்தது. கடைக்காரர் போட்டிருந்த லிமிட்டர் ஒளியை மட்டும்தான் பார்த்தது. முதலில் எனக்கு அனுப்பிய வேவ்ஃபார்மும் அப்படித்தான், ஒளி அளவை மட்டும் காட்டுவது. அவர் பொய்ப் படம் அனுப்பவில்லை, ஆனால் அது கேட்ட கேள்விக்கான பதிலே இல்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று ஒரே ஒரு புள்ளியை வைத்துச் சொல்கிறேன்.

பூசாரியின் கழுத்தில் செண்டுமல்லி மாலை. வெயில் படும் ஒரு இதழில் அளந்தால் ஒளி, அதாவது Y, 190. வெள்ளைக்கு ரொம்பக் கீழே. நிறமே இல்லாத சாம்பலில் 128 என்று நிற்கும் சிவப்பு வேறுபாடு, அதாவது Cr, இங்கே 170. அதற்கு அனுமதி 240 வரை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள். ஆனால் டிவி இவற்றைக் கூட்டித்தான் சிவப்பை உண்டாக்குகிறது. எச்டி படத்துக்குக் கணக்கு இது:

```
R = Y + 1.54 × (Cr − 128)
R = 190 + 1.54 × 42 = 254.7
```

வெள்ளையே 235 என்னும்போது சிவப்பு மட்டும் 255-க்குப் போய்விட்டது. எங்கள் நிலையம் பின்பற்றுவது ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தின் ஆர் 103 பரிந்துரை. அதன்படி சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 5-க்கும் 246-க்கும் இடையே இருக்க வேண்டும். சின்னச் சின்ன மீறலுக்குத் திரைப் பரப்பில் ஒரு விழுக்காடு வரை விட்டுக்கொடுப்பார்கள். மாலையோ திரையில் கால்வாசி. அதோடு தீமிதிப்பவர்கள் அத்தனை பேரும் மஞ்சள் உடை. இதைச் சோதனையில் தட்டாமல் என்ன செய்வார்கள்? தட்டாமல் விட்டிருந்தால் சிவப்பு மட்டும் வழியில் வெட்டுப்பட்டிருக்கும், பச்சையும் நீலமும் அப்படியே நிற்கும். அப்போது செண்டுமல்லி மஞ்சளாகச் சாயும், இதழ் அடுக்கு எல்லாம் ஒட்டிப் போகும்.

இதைத் திருத்த, அந்த ஆரஞ்சு நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நிறச் செறிவையும் ஒளியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அந்த 42 என்ற வித்தியாசம் 38 ஆனது, ஒளி 190-இலிருந்து 186. இப்போது சிவப்பு 244.5. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. செறிவை மட்டும் குறைத்தே சரிசெய்யப் பார்த்தேன், பூ வெளிறிவிட்டது. ஒளியை மட்டும் குறைத்தால் வெயில் போய்விட்டது. இரண்டிலும் கொஞ்சம் என்பதுதான் ஒத்துவந்தது. மொத்தப் படத்தின் செறிவையும் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், மாலைக்காக முகங்களை ஏன் வெளுக்கடிக்க வேண்டும்?

காசு கொடுக்கும் முன் கடையில் கேட்க வேண்டியதும் இதுதான். ஆர்ஜிபி பரேடைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி நெடுவரிசையாக நிற்கும், எது மேலே முட்டுகிறது என்று உடனே தெரியும். ஒளி வேவ்ஃபார்மை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லிமிட்டர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். தலைப்பு, லோகோ, ஷார்ப்பன் எல்லாவற்றுக்கும் பிறகுதான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. டைம்லைனில் பார்த்தது போதாது, ஏற்றுமதி செய்த கோப்பையே மறுபடி உள்ளே இழுத்துப் போட்டு அளக்க வேண்டும். சுருக்கும்போது கூர்மையான விளிம்புகளில் அளவு மீண்டும் கொஞ்சம் எகிறும். நான் 235-இல் நிறுத்திய எழுத்து, கோப்பில் 239, 240 என்று வந்தது. 246 வரை இடம் இருந்ததால் பரவாயில்லை. லிமிட்டரையே 246-இல் வைத்திருந்தால் அதோடு தொலைந்தேன். காசில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு:

```
ffplay final.mov -vf signalstats=out=brng:color=yellow
```

16–235-க்கு வெளியே போன ஒளியும் 16–240-க்கு வெளியே போன நிறமும் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். எழுத்து விளிம்பில் கோடு கோடாக மின்னினால் ஷார்ப்பன்தான் காரணம். ஆனால் இது மேலே சொன்ன செண்டுமல்லியைப் பிடிக்காது. அங்கே ஒளியும் சரி, நிறமும் சரி, கூட்டினால்தான் தப்பு. அதனால் பரேடையும் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாம் முறை நானே செய்து அனுப்பிய கோப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஏற்பாடு செய்திருந்த தேதி போய்விட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம் வர வேண்டியது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. லயத்தில் இருந்த பாட்டி ஒருவர் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். 1,500 வெள்ளியில் ஒரு காசும் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, “வேலை பார்த்த நேரத்துக்குக் காசு, ரிசல்ட்டுக்கு இல்லை” என்று சொல்லிவிட்டார். எழுத்தில் எதுவும் வாங்கி வைக்காதது என் தவறு. அடுத்த வேலைக்குக் கொடுக்கும் தாளில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: நிலையத்தின் சோதனையில் தேறிய பிறகுதான் பாதிப் பணம்.