மங்கிய எழுத்துக்கு எந்தத் தடிமன்: கண்ணா, கறுப்பு வெள்ளையா, பாதி ஆழமா?

சோழவந்தானிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவருடைய அப்பாவுக்குச் சதாபிஷேகம், அதற்கு வருகிறவர்களுக்கு 1968ஆம் வருடத்துக் கல்யாணப் பத்திரிகையை அப்படியே திரும்ப அடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. மஞ்சள் தாள், சிவப்பு மை, ஈய எழுத்துக் கோத்து டிரெடில் மெஷினில் ஓட்டியது. ஐம்பது வருடத்துக்கு மேல் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்ததால் சிவப்பு வெளுத்து, வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. "தம்பி, எழுத்து இப்படி ஒல்லியா இல்லைப்பா, நல்லா கெத்தா இருக்கும்" என்றார். ஒல்லியாகத் தெரிவது உண்மையா, வெளுத்ததால் வந்த மயக்கமா என்று எப்படிச் சொல்வது? மதுரையில் சிம்மக்கல் பக்கம் டிடிபி வேலை செய்கிற எனக்கு மாதம் ஒன்றாவது இப்படி வருகிறது, ஆனால் இந்த முறை ஒரு அதிர்ஷ்டம் இருந்தது.

சட்டத்தைக் கழற்றினால், கீழ் விளிம்பில் மரத்துக்குள் மறைந்திருந்த கடைசி வரி மட்டும் வெயிலே படாமல் அன்றைக்கு அடித்த மாதிரி சிவந்து கிடந்தது. "இப்படிக்கு" என்று ஆரம்பிக்கிற வரி. நடுவில் வெளுத்துப்போன "தம்பதிகளை" என்ற சொல்லும் அதே அளவு, அதே அச்சு. ஆக ஒரே தாளில் ஒரே 'ப', ஒன்று மங்கியது, இன்னொன்று மங்காதது. தடிமன் பார்க்க நாங்கள் பயன்படுத்துகிற மூன்று வழிகளையும் இந்த இரண்டு 'ப'வின் மேலும் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே விடை சொல்கிற வழிதான் நம்பத்தக்கது, அவ்வளவுதான் கணக்கு.

முதல் வழி கண். ஒரே சொல்லை லைட், ரெகுலர், மீடியம், செமிபோல்டு, போல்டு என்று ஐந்து தடிமனில் அடித்து, மூலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், மங்காத தாள் என்றால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கண் பார்ப்பது கோட்டின் அகலத்தை இல்லை, அந்த இடத்தில் மொத்தம் எவ்வளவு இருட்டு என்பதை. மை பாதி வெளுத்தால் கோடு பாதி அகலமானது போலவே கண்ணுக்குப் படும். மரத்துக்குள் இருந்த வரிக்குச் செமிபோல்டு பொருந்தியது, வெளுத்த வரிக்கு லைட் பொருந்தியது. இரண்டுமே ஒரே ஈயப் பெட்டியிலிருந்து வந்த எழுத்து! ஒரு சின்ன மாற்றம் செய்தால் இது கொஞ்சம் தேறும்: மாதிரியைக் கறுப்பில் அடிக்காமல், வெளுத்த மையின் நிறத்தை ஸ்கேனிலிருந்து எடுத்து, அதே நிறத்தில் அதே மஞ்சள் பின்னணியில் அடித்துப் பாருங்கள். எனக்கு லைட்டிலிருந்து மீடியம் வரை ஏறி வந்தது. அதற்கு மேல் கண்ணால் முடியவில்லை.

இரண்டாவது வழி, ஸ்கேன் செய்து கறுப்பு வெள்ளையாக்கி பிக்சலை எண்ணுவது. ஜிம்ப்பில் த்ரெஷோல்டு என்று இருக்கிறதே, அது. எண் கிடைப்பதால் இதில் ஒரு நம்பிக்கை வந்துவிடும், அதுதான் இதில் ஆபத்தும். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்தேன், அதில் ஒரு பிக்சல் சுமார் 0.021 மில்லிமீட்டர். 600இல் எடுத்தால் இந்த மாதிரிக் கோடு ஏழு பிக்சல்தான் வரும், ஒரு பிக்சல் தவறினாலே ஒரு முழுத் தடிமன் மாறிவிடும் என்பதால் 1200. ஸ்கேனரில் ஷார்ப்பன், ஆட்டோ லெவல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிஃப் கோப்பாகச் சேமித்தேன். ஷார்ப்பன் ஓடினால் கோட்டைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளிவட்டம் விழும், அப்புறம் விளிம்பு எங்கே என்று எந்த வழியாலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, ஸ்கேன் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாக இருக்கும். சிவப்பு மை மஞ்சள் தாள் என்றால் அதில் பச்சைச் சேனலை மட்டும் எடுக்க வேண்டும். சிவப்புச் சேனலில் சிவப்பு மை தாளோடு தாளாகக் கரைந்துவிடும், நீலச் சேனலில் மஞ்சள் தாளே இருண்டு நிற்கும், பச்சையில்தான் மையும் தாளும் நன்றாகப் பிரியும். நீல மை என்றால் சிவப்புச் சேனல். இமேஜ்மேஜிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி:

```
magick pathirikai.tif -channel G -separate g.tif
```

0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில், பச்சைச் சேனலில் மங்காத வரியில் தாள் 205, மை 70. வெளுத்த வரியில் தாள் 200, மை 150. தாள் முழுக்க ஒரே அளவுகோலாக 160 வைத்து, அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு, மேலே எல்லாம் வெள்ளை என்று வெட்டினேன், வேறு எது வைத்தாலும் வெளுத்த வரி காணாமல் போகிறது அல்லது தாளின் அழுக்கெல்லாம் எழுத்தாகிறது. 'ப'வின் நிற்கும் கோடு மங்காத வரியில் 15 பிக்சல், வெளுத்த வரியில் 10. ஏன் இப்படி? ஸ்கேனில் கோட்டின் விளிம்பு செங்குத்தான சுவர் இல்லை, ஒரு சரிவு. 160 என்பது மங்காத எழுத்தில் சரிவைத் தாளின் பக்கமாக வெட்டுகிறது, அதனால் கோடு கொஞ்சம் பெருக்கிறது. வெளுத்த எழுத்தில் அதே 160 மையின் பக்கமாக வெட்டுகிறது, கோடு மெலிகிறது. அடியில் போகிற மெல்லிய கோடு இன்னும் பாவம், மூன்று பிக்சலாகி அங்கங்கே அறுந்தே போனது. இதை நம்பி 10க்கு 3 என்று கணக்குப் போட்டால், தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் உள்ள எழுத்துரு என்று முடிவுக்கு வந்து, ஆடம்பரமாக ஒன்றைத் தேடி அலைவீர்கள். நானே சில வருடம் முன்னால் ஒரு பாட்டுப் புத்தகத்துக்கு அப்படித் தேர்ந்து, பக்கம் முழுக்க மினுமினுவென்று கண்ணைக் குத்துகிற மாதிரி அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது வழிதான் நான் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது: அந்தந்தக் கோட்டின் ஆழத்தில் பாதி. இமேஜ்ஜே என்ற படம் அளக்கிற மென்பொருளில் g.tif கோப்பைத் திறந்து, கோட்டுக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு இழுத்து, அந்த நேர்கோட்டின் அகலத்தைப் பத்து பிக்சலாக வைத்துவிட்டு `Analyze > Plot Profile` கொடுத்தால் ஒரு பள்ளம் மாதிரி வரைபடம் வரும். அகலம் வைப்பது எதற்கென்றால், தாளின் நார், மை சொட்டை எல்லாம் சராசரியாகி அடங்கிவிடும். பள்ளத்தின் கரை தாள், அடி மை. இரண்டுக்கும் நடுவில் பள்ளம் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். மங்காத வரியில் பாதி என்பது சுமார் 137, அங்கே அகலம் 14. வெளுத்த வரியில் பாதி 175, அங்கே 13.5. வெயில் பள்ளத்தை ஆழம் குறைத்திருக்கிறது, கரைகளை நகர்த்தவில்லை. இந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, அந்த அம்மா சொன்ன 'கெத்து' அங்கேயேதான் இருக்கிறது.

இதற்கும் குறை உண்டு. மெல்லிய கோட்டில் பள்ளம் அடியைத் தொடுவதற்கு முன்பே திரும்பிவிடும், ஏனென்றால் ஸ்கேனரின் மங்கலும் கோட்டின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. அப்போது பாதி என்பதே தவறான பாதியாகி, கோடு கொஞ்சம் அகலமாக வரும். எனக்கு 7 வந்தது. அதற்கு மட்டும் பரப்பளவைப் பார்ப்பேன்: பள்ளத்தில் ஒவ்வொரு பிக்சலும் தாளை விட எவ்வளவு இருட்டு என்று கூட்டி, பக்கத்துத் தடித்த கோட்டின் முழு ஆழத்தால், இங்கே 50ஆல், வகுத்தால் போதும். கூட்டல் 300 வந்தது, ஆக 6 பிக்சல். 14க்கு 6, அதாவது இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல். த்ரெஷோல்டு சொன்ன மூன்றேகாலுக்கும் மேல் எங்கே, இது எங்கே!

அழுத்தி அடித்த டிரெடில் வேலையில் இன்னொரு வம்பு இருக்கிறது, மை ஓரத்துக்குப் பிதுங்கி, கோட்டின் விளிம்பு இருட்டாகவும் நடு வெளிறியும் நிற்கும். வரைபடத்தில் பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரிந்தால் அதுதான். மேட்டை விட்டுவிட்டு வெளிச் சரிவுகளை மட்டும் அளக்க வேண்டும். ஒரு எழுத்தை அளந்துவிட்டு முடிவு செய்யவும் கூடாது. தேய்ந்த ஈயம் பருத்து விழும், மை குறைந்த இடம் மெலியும். பத்துப் பன்னிரண்டு 'ப', 'ட', 'ம' அளந்து வரிசையாக எழுதி நடுவில் நிற்பதை எடுப்பேன், சராசரி வேண்டாம். றா, னை மாதிரி 1978க்கு முந்தைய பழைய வடிவங்களில் வளைவு அதிகம், அவற்றை அளப்பதில்லை.

அளவு பொருத்துவதும் இதிலேயே மாட்டிக்கொள்ளும். எழுத்தின் வெளி விளிம்பை வைத்துப் பாயிண்டு முடிவு செய்தால் மை பிதுங்கியதும் அதில் சேர்ந்துவிடும். 'ப'வின் இரண்டு நிற்கும் கோடுகளின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை அளந்தால், மை எவ்வளவு பிதுங்கினாலும் அந்தத் தூரம் மாறாது. முதலில் அதைப் பொருத்திவிட்டுத்தான் தடிமனுக்கு வர வேண்டும்.

சரி, எழுத்துரு. பெயரிலேயே ஊர் இருப்பதால் ஹிந்த் மதுரை மேல் எனக்குத் தனிப் பாசம், லைட் முதல் போல்டு வரை ஐந்து தடிமனும் இருக்கிறது, ஆனால் அதன் கோடுகள் ஏறக்குறைய ஒரே சீர், இந்தப் பத்திரிகைக்கு ஆகாது. தடித்த, மெல்லிய வித்தியாசம் உள்ள செரிஃப் குடும்பம் ஒன்றை எடுத்தேன். நோட்டோ செரிஃப் தமிழ் போல 100 முதல் 900 வரை தடிமனை நகர்த்தக்கூடிய வேரியபிள் எழுத்துரு அது, அதனால் இன்னும் வசதி. திரையில் பார்த்து முடிவு செய்யாமல், லேசரில் அடித்து, அதே ஸ்கேனரில் அதே அமைப்பில் போட்டு, அதே வழியில் அளந்தேன். தடித்த கோடு ரெகுலரில் 11, மீடியத்தில் 12.5, செமிபோல்டில் 14.5. எனக்கு வேண்டியது 14, ஆக மீடியமான 500க்கும் செமிபோல்டான 600க்கும் இடையில் முக்கால் வழி, 575. மெல்லிய கோடு அங்கே 6ஐ ஒட்டியே வந்தது.

அது வெள்ளைத் தாளில் லேசர். உண்மையான பத்திரிகை மஞ்சள் தாளில் ஆஃப்செட்டில் ஓடப்போகிறது, அந்தத் தாள் மையைக் கூடுதலாக உறிஞ்சும். அச்சகத்தில் கெஞ்சி நாலு தாள் மாதிரி ஓட்டி வாங்கி அளந்ததில் 14.8 வந்தது. நூறு படிக்கு இரண்டு பிக்சல் என்றால் 0.8க்கு நாற்பது படி, ஆகவே 535க்கு இறக்கி மறுபடி ஓட்டினோம். புதுத் தாளைச் சட்டத்துக்குள் இருந்த கடைசி வரியோடு ஒட்டி வைத்தபோது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்து, "இப்படிக்கு"வில் விரலை வைத்து, "இதான் தம்பி, இதான்" என்றார்.