பெரிய எழுத்துச் சுற்றறிக்கை: ரைட்டரில் சில வருட அனுபவம்

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் சுற்றறிக்கைகளைப் பெரிய எழுத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. வாசகர்களில் பாதிப்பேர் எண்பதை நெருங்குபவர்கள். சில வருடங்களாக லிப்ரே ஆபிஸ் ரைட்டரில்தான் செய்துவருகிறேன். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

"ஜெராக்ஸ் கடையில் பெரிசு பண்ணினால் ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. A4 தாளை A3 ஆக்கினால் 141 சதவீதம்தான் பெரிதாகும். 11 பாயிண்ட் எழுத்து 15.5 பாயிண்டுக்குத்தான் வரும். முதியவர்களுக்கு 18 பாயிண்டாவது வேண்டும். அதைவிடத் தொல்லை, எழுத்தோடு சேர்ந்து வரியும் நீள்வது. பூதக்கண்ணாடியை நகர்த்திப் படிப்பவர் வரிக்கடைசி வரை போய்த் திரும்பும்போது அடுத்த வரியைத் தவறவிட்டு அதற்கும் கீழே போய்விடுவார்.

ரைட்டரில் புதிதாக வருபவர்களைக் குழப்புவது ஒன்றுதான். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கு உரியவற்றிலிருந்து தனி. ஸ்டைலின் Font பக்கத்தில் மேலே உள்ள Western பகுதியை மட்டும் 18 ஆக்கினால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் பருத்து, தமிழ் அப்படியே சிறுத்துக் கிடக்கும். CTL என்ற பகுதியிலும் 18 போட வேண்டும். அது கண்ணில் படாவிட்டால் Tools > Options போய், மொழி அமைப்புகளில் Complex text layout என்பதை இயக்கிவிட்டால் வந்துவிடும். இதை ஒருமுறை ஸ்டைலில் செய்து டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொண்டால் அப்புறம் தொட வேண்டியதில்லை.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு சோதனை வைத்திருக்கிறேன். 'கெ கே, ஒ ஓ, கி கீ, க க்' என்று அச்சிட்டு, கண்ணாடியோடு ஒரு பெரியவரிடம் காட்டுவேன். புள்ளியும் சுழியும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தால் சரி. நோட்டோ சான்ஸ் தமிழ் இதில் நன்றாகவே தேறுகிறது. முழுக்கத் தடித்த எழுத்து வேண்டாம், சுழிகளின் உட்புறம் அடைத்துக்கொள்ளும். வரி இடைவெளி Proportional 150 சதவீதம். Fixed என்று வைத்தால் மேலே உள்ள புள்ளியும் கொக்கியும் வெட்டுப்படலாம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் ஆசையும் வேண்டாம். துணைக்காலும் கொம்பும் தம் எழுத்தை விட்டு விலகி நின்றால் படிப்பது கடினமாகிவிடும்.

இத்தனையும் செய்தபின் A4 தாளில் வரிக்கு நான்கைந்து சொற்கள்தான் கொள்ளும். தமிழுக்கே உரிய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 'சமர்ப்பிக்கவேண்டியவர்களுக்கான' என்பது போன்ற ஒரு சொல் பாதி வரியை விழுங்கிவிடும், முந்தைய வரி பாதியில் நின்றுவிடும். இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். அதனால் இடப்பக்க ஒழுங்கு மட்டும் போதும். நீளச் சொற்களைப் பிரித்து எழுத வேண்டும். வடிவமைப்பு வேலை என்று தொடங்கியது பாதி நேரம் எடிட்டிங் வேலையாகத்தான் முடிகிறது.

உயிர்வாழ் சான்றிதழ் சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் அதை நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மூலத்தில் இது நான்கு பத்தி கொண்ட அட்டவணை. 18 பாயிண்டில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வரிக்கு ஒரு சொல்தான் நின்றது. Table > Convert கொடுத்து அட்டவணையைச் சாதாரண வரிகளாக்கி, இப்படி எழுதினேன்:

உங்கள் வயது 80 அல்லது மேல்:
அக்டோபர் 1 முதல் கொடுக்கலாம்.

உங்கள் வயது 80க்குக் கீழ்:
நவம்பர் மாதம் கொடுக்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை அடுத்த பக்கத்தில், வரிக்கு ஒன்றாக: ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி. 'அக்டோபர்' ஒரு வரியிலும் '1' அடுத்த வரியிலும் போகாமலிருக்க, நடுவில் Ctrl+Shift+Space தட்டினால் போதும்.

இரண்டு பக்கச் சுற்றறிக்கை இப்படி ஏழு பக்கம் வரை போகும். சங்கப் பொருளாளர் முகம் சுளிப்பார், தாள் செலவு உண்மைதான். எல்லோருக்கும் இது உதவும் என்றும் சொல்ல முடியாது. கண்நீர் அழுத்த நோயால் பார்வை வட்டம் குறுகிய ஒருவர் 18 பாயிண்ட் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுத்து பெரிதானால் அவர் பார்வைக்குள் ஒரே சமயத்தில் அடங்கும் எழுத்துகள் குறைந்துபோகின்றன. அவருக்கு 14 பாயிண்டில், இடைவெளியை மட்டும் அப்படியே வைத்து அச்சிடுகிறேன்.

கடையில் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், Actual size என்று சொல்லி அச்சிடச் சொல்லுங்கள். Fit என்று இருந்தால் எழுத்து சற்றுச் சுருங்கக்கூடும். மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும், ஒரு பக்கம் மட்டும் போதும். ஓரத்தில் ஸ்டேப்ளருக்குப் பதில் ஸ்பைரல் போட்டால் மேசையில் விரித்து வைத்துக் கண்ணாடியை நகர்த்தலாம்.