வீட்டுக்காரர் வெளிநாட்டில்: வாடகையை அவருடைய அந்த ஊர்க் கணக்குக்கு அனுப்புவதா, இங்குள்ள என்.ஆர்.ஓ. கணக்கில் போடுவதா?

சென்னையில் வாடகைக்கு இருக்கிறீர்கள், வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், 'என் சிங்கப்பூர் கணக்குக்கே அனுப்பிடுங்க' என்கிறார். அனுப்பலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கடிதம் எழுதி வாங்காமல் முதல் மாதத்தைக்கூட அனுப்பாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

நேராக வெளிநாட்டுக்கு அனுப்புவது, வெளிநாட்டில் வாழ்பவர் தன் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. ரூபாய்க் கணக்கில் போடுவது என்ற இரண்டு வழிக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்கிறேன். வாடகை வாங்குபவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி என்றால், பணம் எந்தக் கணக்குக்குப் போனாலும் வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாடகைதாரர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 195ஆம் பிரிவு (புதிய சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன, ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்). விகிதம் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. மாதம் 50,000-க்கு மேல் போனால்தான் பிடித்தம் என்பது உள்ளூர் வீட்டுக்காரருக்கான விதி. அதை இங்கே பொருத்திப் பார்த்துவிட்டுப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் பிடிக்காமல் விட்ட வரியை வட்டியோடு நம்மிடமே கேட்பார்கள். வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும், பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடித்த வரிக்கான 27Q படிவத்தைத் தாக்கல் செய்து, வீட்டுக்காரருக்கு 16A என்ற பிடித்தச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். 'இவ்வளவு பிடிக்காதே' என்று அவர் நினைத்தால், குறைந்த விகிதச் சான்றிதழை வருமான வரித் துறையிடம் அவர்தான் வாங்கித் தர வேண்டும்.

வித்தியாசம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. வாடகை 40,000 என்று வையுங்கள். வரி 12,480 போக அவருக்குப் போவது 27,520. என்.ஆர்.ஓ. கணக்கு என்றால் வழக்கமான நெஃப்ட்டோ ஐ.எம்.பி.எஸ்ஸோ போதும். ரூபாய் குறையாமல் அன்றைக்கே சேரும், பணம் அனுப்பியதற்கான யூ.டி.ஆர். எண் கையில் இருக்கும், வங்கி கேள்வி கேட்காது. சிங்கப்பூருக்குக் கொண்டுபோவது அவர் பாடு.

நேராக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு மாதமும் வருமான வரித் துறைக்கு அதைத் தெரிவிக்கும் 15CA படிவம் போட வேண்டும். ஆண்டுக்கு மொத்தம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அதன் முதல் பகுதி மட்டும் போதும், நம் கணக்கில் 4,80,000 என்பதால் தப்பித்தோம். அதைத் தாண்டினால் பொதுவாக ஆடிட்டரின் 15CB சான்றிதழும் சேரும், அதற்குத் தனிக் கட்டணம். அவருக்கு என்.ஆர்.ஓ. கணக்கே இல்லையென்றால், வரி கட்டியாயிற்று என்ற ஆடிட்டர் சான்றிதழைச் சில வங்கிகள் எப்படியும் கேட்கும்.

பணம் போகும் வழியிலும் சிக்கல் உண்டு. விண்ணப்பத்தில் SHA என்று குறித்தால் இடையில் இருக்கும் வங்கிகள் தங்கள் கட்டணத்தை அனுப்பும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும், வீட்டுக்காரர் 'குறைவாக வந்திருக்கிறது' என்பார். OUR என்றால் எல்லாக் கட்டணமும் நம் தலையில். நம் கணக்கில் 3ஆம் தேதி கழித்த பணம், நடுவில் சனி ஞாயிறு வந்தால் அங்கே 7ஆம் தேதி விழலாம். எது வாடகை கொடுத்த தேதி? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி இரண்டு மாத பாக்கி வெளியேற்ற மனுவுக்குக் காரணமாகலாம், அதனால் இதைப் பேசாமல் விடக்கூடாது.

அந்தக் கடிதத்தை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"மாத வாடகை ரூ.40,000, ரூபாயில் மட்டுமே கணக்கிடப்படும். வரிப் பிடித்தம் ரூ.12,480 வாடகையில் செலுத்தப்பட்ட பகுதியாகவே கொள்ளப்படும். மீதி ரூ.27,520 ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள், கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பப்படும். வாடகைதாரரின் கணக்கில் பணம் கழிக்கப்பட்ட நாளே செலுத்திய நாள். இடைவங்கிக் கட்டணமும் நாணய மாற்று வித்தியாசமும் வீட்டு உரிமையாளருடையவை. ஸ்விஃப்ட் நகலும் வரி செலுத்திய சலானும் சான்றாகும். பணம் சேர்ந்த ஏழு நாளுக்குள் உரிமையாளர் கையெழுத்திட்ட ரசீதை அனுப்புவார். கணக்கு எண் மாறினால், கையெழுத்திட்ட கடிதமும் வீடியோ அழைப்பில் உறுதியும் வந்த பிறகே மாற்றம் செல்லும்."

கடைசி வரியை நீக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்காரர் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி வேறு கணக்குக்கு அனுப்பிவிட்டால், வெளிநாடு போன பணத்தைத் திருப்பி வாங்குவது மிகக் கடினம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி விடும் செய்தியின் நகல்தான் ஸ்விஃப்ட் நகல்; அதை வங்கி தானாகத் தராது, கேட்டு வாங்க வேண்டும். அதில் அனுப்பிய தொகை, தேதி, கட்டணக் குறியீடு, பெறுநர் பெயர் எல்லாம் இருக்கும். செயலியில் வரும் 'வெற்றி' என்ற திரையின் ஸ்கிரீன்ஷாட் அதற்கு ஈடாகாது.

மூன்றாவதாக, 'என் தம்பி கணக்கில் போட்டுடுங்க' என்பதும் உண்டு. உரிமையாளர் தம்பி இல்லை, வரிப் பொறுப்பும் மாறாது, வாடகை கொடுத்ததற்கான சான்றோ குழம்பிப்போகும். எழுத்தில் அதிகாரம் தராதவரை வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் என்.ஆர்.ஓ. கணக்கு இருந்தால் அதையே கேளுங்கள், 5ஆம் தேதியும் ரசீதும் பற்றி இரண்டு வரிக் கடிதம் போதும். இல்லையென்றால் மேலே உள்ளதில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, பதிவு செய்யும் வாடகை ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.