வாரம் ஒரு நாள் மாத்திரையா, மாதம் ஒரு ஊசியா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் அத்தை எனக்குத் தனி டம்ளர் ஒதுக்கியது, முழங்கையில் வெள்ளிச் செதிலோடு தடிப்பு வந்த முதல் மாதமே. அது சொரியாசிஸ். அதில் அடுத்தவருக்குத் தொற்ற கிருமியே கிடையாது. நோய் எதிர்ப்பு சக்தி தப்பாக முடுக்கிவிடுவதால், ஒரு மாதம் எடுத்து மேலே வரவேண்டிய தோல் செல்கள் நாலைந்து நாளில் வந்து குவிகின்றன. உதிர்வது என் சொந்தத் தோல். ஒன்பது வருடமாக ஒரே கம்பளிக்குள் தூங்கும் என் மனைவிக்கு ஒரு பொட்டுகூட வரவில்லை என்று காட்டிய பிறகுதான் அந்த டம்ளர் அலமாரிக்குத் திரும்பியது.

சின்ன இடமென்றால் களிம்பே போதும். நான் டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தடவினேன். தோல் மெலிந்தது. நிறுத்தியதும் தடிப்பு முன்பைவிட வேகமாக வந்து முதுகிலும் பரவியது. அடுத்த படி புற ஊதா ஒளி சிகிச்சை. நல்ல சிகிச்சைதான், ஆனால் வாரம் மூன்று நாள் கோவைக்கு மலை இறங்கி ஏற என் வேலையில் முடியாது.

அதனால் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. இதில் எல்லாமே பராமரிப்புதான். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். எனக்கு ஞாயிறு இரவு, 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு. போட்டதும் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடுவேன். மறதியில் தினமும் போட்டால் வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன வேறு நாளில் ஃபோலிக் ஆசிட். ஆரம்பத்தில் அடிக்கடி, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகப் பரிசோதனை. அதை இங்கேயே எடுத்துவிடலாம். மது கூடாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்களுக்கு ஆகவே ஆகாது. பலன் மெதுவாகத்தான் தெரியும்: எனக்குப் பத்தாவது வாரத்தில்தான் முதுகுச் செதில் அடங்கியது.

ஊசியை நான் போட்டதில்லை. குன்னூரில் இருக்கும் மாமா பையன் போடுகிறான், அவனிடம் பார்த்ததைத்தான் சொல்கிறேன். செகுகினுமாப் என்ற மருந்து. முதலில் வாரா வாரம் ஐந்து தடவை, பிறகு மாதம் ஒன்று. மூன்று மாதத்தில் தோல் சுத்தமாகிவிட்டது, என் மாத்திரை அவ்வளவு செய்யவில்லை. ஆனால் தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் அவன் ஃப்ரிட்ஜைத் திறக்கவே விடமாட்டான். செலவும் மாத்திரையைவிடப் பல மடங்கு.

இப்போதைக்கு நான் மாத்திரையில்தான் இருப்பேன். மாமா பையன் ஊசிக்கு மாறியதற்குக் காரணம் தோல் இல்லை, மூட்டு. சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். காலையில் விரல்கள் வீங்கி, சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆனது. எனக்கும் அப்படி ஆரம்பித்தால், அடுத்த ரத்தப் பரிசோதனை வரை காத்திருக்காமல் டாக்டரிடம் ஊசி பற்றிக் கேட்பேன்.