கடன் மேலாண்மைத் திட்டத்தில் சில ஆண்டுகள்: வட்டி குறைந்தது, அசல் அப்படியே

கடன் ஆலோசகர் மூலம் என் கிரெடிட் கார்டு நிலுவைகள் அனைத்தையும் ஒரே மாதத் தவணையாகக் கட்டத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு கார்டின் நிலுவை மட்டுமே மிச்சமிருக்கிறது. இத்திட்டத்தில் பொதுவாக அசல் குறைவதில்லை. ஆலோசகர் பேசிப் பெற்றுத் தருவது பெரும்பாலும் வட்டிக் குறைப்பும் தாமதக் கட்டணத் தள்ளுபடியும்தான். தொடர்ந்து சில தவணைகள் தவறாமல் கட்டினால், தவணை தவறிய கணக்கை ஒழுங்கான கணக்காகப் பதிவுசெய்யவும் சில நிறுவனங்கள் இசைகின்றன. அதற்கு ஈடாகக் கார்டுகளை மூடிவிடுவார்கள். வீட்டுக் கடன் போன்ற அடமானக் கடன்கள் இதில் சேர்வதில்லை.

வட்டி மட்டும் குறைந்து என்ன பயன் என்று எனக்கும் தோன்றியது. ஆலோசகர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் விளங்கியது. ஒரு லட்சம் நிலுவைக்கு ஆண்டு வட்டி 24 சதவீதம் என்றால், மாதம் 2,500 கட்டினாலும் முதல் மாதத்தில் 2,000 வட்டிக்கே போய்விடும். கடன் தீர ஏறத்தாழ 82 மாதங்கள் ஆகும். வட்டி 9 சதவீதமாகக் குறைந்தால், அதே தொகையில் முதல் மாதமே 1,750 அசலில் கழிந்து, 48 மாதங்களில் கடன் முடிந்துவிடும்.

இந்த ஆதாயத்தைக் கட்டணம் எப்படி அரிக்கிறது என்பதையும் அதே கணக்கில் பார்க்கலாம். அந்த 2,500இலிருந்து மாதந்தோறும் 375 சேவைக் கட்டணமாகப் பிடித்தால், 48 மாதம் 59 ஆக நீண்டுவிடும். நான் முதலில் விசாரித்த நிறுவனம் முதல் தவணை முழுவதையும் பதிவுக் கட்டணமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'நன்கொடை' என்று அச்சிட்டிருந்தார்கள். அதே நிறுவனம் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தும்படியும் கூறியது. அது பாதித் தொகைக்குப் பேரம் பேசும் செட்டில்மென்ட் வியாபாரம். அதில் தாமதக் கட்டணமும் வழக்கும் நம் தலையில்தான் விழும். எந்த வேலையும் நடப்பதற்கு முன் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

திட்டம் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு நிறுவனத்தின் மாத அறிக்கையையும் நான் தவறாமல் பார்த்து வருகிறேன். தொடக்கத்தில் ஒரு கார்டின் அறிக்கையில் பழைய வட்டி விகிதமே இருந்தது. ஆலோசகர் அனுப்பிய கோரிக்கைக்கு அந்த நிறுவனம் இன்னும் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்கவில்லை. இன்னொன்றில், ஆலோசகரின் அலுவலகம் பணம் அனுப்பும் தேதி கெடு தேதிக்குப் பின் வந்ததால் தாமதக் கட்டணம் ஏறியிருந்தது. ஆலோசகர் பேசி அந்தக் கட்டணத்தை நீக்கி, கெடு தேதியையும் தள்ளி வைத்தார். நிலுவை முடிந்த கார்டுகளிலும், கடைசித் தவணைக்குப் பின் சில நாள் வட்டி சிறு தொகையாகத் தங்கியிருந்தது; அதையும் கட்டி, நிலுவை பூஜ்யம் என்ற கடிதத்தை ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.