புக்மேட்ச் மார்பிள் சுவர்: பிளெண்டரில் நீண்டநாள் பயன்படுத்திய அனுபவம்

சுவர் முழுவதும் இத்தாலிய மார்பிள் பதிக்கும் வரவேற்பறை வடிவமைப்புகளைச் சில ஆண்டுகளாகப் பிளெண்டரில் ரெண்டர் செய்து வருகிறேன். Image Texture நோடில் Mirror என்பதைத் தேர்ந்தெடுத்தால் ரேகைகள் எல்லா இணைப்புகளிலும் பிசிறின்றிச் சேர்ந்துவிடும். ஆனால் மூன்றாவது ஸ்லாப் முதலாவதன் நகலாகவே வந்து நிற்பதால், கல்லைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

காரணம் கல்லை அறுக்கும் முறையில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்லாப்களை எடுத்து, ஒன்றையொன்று பார்த்திருந்த முகங்களை மெருகேற்றிப் புத்தகம்போல் விரிப்பதுதான் புக்மேட்ச். இந்த இரு முகங்களுக்கு இடையே ரம்பம் தின்ற சில மில்லிமீட்டர் மட்டுமே இழப்பு என்பதால் ரேகைகள் ஏறக்குறைய அப்படியே சந்திக்கும். ஆனால் அடுத்த ஜோடியோடு சேரும் இடத்தில், மெருகேற்றிய முகங்களுக்கு நடுவே இரண்டு ஸ்லாப்களின் முழுத் தடிமனும் வந்துவிடுகிறது. 20 மி.மீ. ஸ்லாப் என்றால் ரம்ப இழப்பும் சேர்ந்து ஏறத்தாழ 45 மி.மீ.; கல்லுக்குள் ரேகை 45 பாகையில் சாய்ந்திருந்தால் அது அதே அளவுக்கு விலகித்தான் தெரியும்.

6 மீட்டர் அகலச் சுவரில் 1.5 மீட்டர் ஸ்லாப்கள் நான்கு நிற்பதாகக் கொள்வோம். கண் முதலில் நடு இணைப்பில்தான் விழும். ஆகவே நன்றாகப் பொருந்தும் ஜோடி இரண்டாவது, மூன்றாவது இடங்களில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்லாப்பையும் தனிப் பரப்பாக வைத்து, விற்பனையாளர் எண்ணிட்டு அனுப்பும் படங்களை வரிசைப்படி கொடுக்கிறேன். அந்தப் படங்கள் எல்லாம் ஒரே பக்கமிருந்து எடுத்தவையாக இருந்தால் மட்டும், UV எடிட்டரில் ஒன்றுவிட்டு ஒன்றை `Ctrl+M`, `X` அழுத்தித் திருப்புகிறேன். ஒரே ஒரு படம்தான் கிடைத்தது என்றால், ஓர ஸ்லாப்களின் UV-ஐ 3 மீட்டர் உயரப் படத்தில் 0.01 அளவு மேலோ கீழோ நகர்த்துகிறேன், 3 செ.மீ. விலகல் கிடைக்கும். நகல் என்பது மறையாது, உறுத்தல் குறையும், அவ்வளவுதான்.

அதிகம் தொல்லை தந்தது ரேகை அல்ல, படத்தில் பதிந்துவிட்ட வெளிச்சம். கிடங்கில் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த படத்தைத் திருப்பினால், ஓர் இணைப்பின் இருபுறமும் வெளுத்தும் அடுத்த இணைப்பின் இருபுறமும் கருத்தும் பட்டை பட்டையாகத் தெரியும். படத்தை மிகவும் மங்கலாக்கிய பிரதியால் மூலப்படத்தை வகுத்தால் இது சமனாகிறது. மங்கலாக்கும் அளவு குறைவாக இருந்தால் கல்லுக்கே உரிய மேகமூட்டமான நிறமாற்றமும் சேர்ந்து போய்விடும்.

வேலைப்பளு இந்த முறையில் கூடுதல்தான். டிவி அலகுக்காக ஓர் இணைப்பை 20 செ.மீ. தள்ளினாலே இருபுறமும் UV-ஐ மறுபடி அமைக்க வேண்டும். அதனால் இணைப்புக் கோடுகள் வரைபடத்தில் உறுதியாகும்வரை Mirror வைத்தே காட்டுகிறேன். கல் தேர்வான பிறகுதான் தனித்தனிப் படங்களுக்கு மாறுகிறேன்.