இ-டிக்கெட்டில் நான் முதலில் பார்க்கும் வரிகள்

சென்னை–துபாய் டிக்கெட்டுகளைக் குடும்பத்துக்காகப் பல வருடங்களாக எடுத்து வருகிறேன். மெயிலில் வரும் டிக்கெட்டில் பெயர், தேதி சரியா என்று பார்த்ததும் என் கண் போவது பேக்கேஜ் வரிக்குத்தான். அங்கே 30K என்றிருந்தால் 30 கிலோ, மொத்த எடைதான் கணக்கு. இரண்டு பெட்டியாகப் பிரித்துக்கொள்ளலாம். மொத்த அனுமதி இதைவிட அதிகமாக இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. 1PC என்றிருந்தால் ஒரே பெட்டி, பெரும்பாலும் 23 கிலோ. அதையே 12, 11 என்று இரண்டாகக் கொண்டுபோனால் இரண்டாவது பெட்டிக்குத் தனிக் கட்டணம். ஊறுகாயும் அப்பளமும் தனிப் பெட்டியில் அனுப்பும் அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

அடுத்தது, தேதி மாற்றினாலோ ரத்து செய்தாலோ பிடிக்கும் அபராதத்தைச் சொல்லும் PENALTIES பகுதி. முழுக்கப் பெரிய எழுத்தில், வாக்கியமாகவே இல்லாமல் இருக்கும். BEFORE DEPARTURE, AFTER DEPARTURE, NO-SHOW என்ற மூன்று சொற்களையும் தேடிப் பிடித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் தொகை வேறு. விமானத்தை விட்டுவிட்ட பிறகு தேதி மாற்றினால் இரட்டிப்பாகக்கூட ஆகலாம். அதனால் போக முடியாது என்று தெரிந்தால், புதுத் தேதி முடிவாகாவிட்டாலும் அந்தப் பயணத்தை முன்பே ரத்து செய்துவிடுகிறேன்.

CHARGE INR 4000 என்பதைப் பார்த்து, நாலாயிரத்தில் தேதி மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது அபராதம் மட்டும். டிக்கெட் எடுத்த மலிவுக் கட்டண வகுப்பு புதுத் தேதியில் தீர்ந்துபோய், அடுத்த வகுப்பு 3,500 ரூபாய் அதிகம் என்றால் அதுவும் சேரும். ஏஜென்ட் கமிஷன் 500 வைத்தால் மொத்தம் 8,000. சில சமயம் புது ஒருவழி டிக்கெட்டே மலிவு. ஆனால் போகும் பயணத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும் என்பதால், இந்த வழி திரும்பும் பயணத்துக்கு மட்டுமே சரிவரும்.

ரத்து செய்யும்போது டிக்கெட்டின் டாக்ஸ் விவரம் உதவும். YQ, YR என்பவை பெயருக்குத்தான் வரிகளின் வரிசையில் நிற்கின்றன, அவை விமான நிறுவனம் வாங்கும் கூடுதல் கட்டணம். NON-REFUNDABLE டிக்கெட்டில் அவையும் பெரும்பாலும் திரும்பாது. விமான நிலையக் கட்டணமும் அரசு வரிகளும் வேறு. இந்திய நிறுவனங்கள் அவற்றைச் சலுகை டிக்கெட்டுக்கும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி. ஒரு ஏஜென்ட் “நான்-ரீஃபண்டபிள் சார், ஒண்ணும் வராது” என்று கையை விரித்தார். விதியைச் சொல்லி மெயில் போட்டேன், வரித் தொகை வந்தது.

பாதி பயணம் முடிந்த டிக்கெட்டில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். போன பயணத்துக்கு ஒருவழிக் கட்டணத்தைக் கழிப்பார்கள், அதிலேயே பெரும்பாலும் கணக்கு முடிந்துவிடும்.